மாலை அழுகை: கோலிக்கா, வெறும் சிணுங்கலா? குழந்தைநலத் தாதி ஒருவரிடம் கேள்வி பதில்

புங்கோலிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு ஐந்து வாரம். பகலில் சாதுவாக இருக்கிறான். மாலையில் தொடங்கும் அழுகை இரவு வரை நிற்பதில்லை. மாமியார் "பிள்ளை என்றால் சிணுங்கத்தான் செய்யும்" என்கிறார். எனக்கோ கோலிக்காக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிப் பிரித்தறிவது?

ஒரே மாலைப்பொழுதில் இரண்டும் கலந்து வரக்கூடும் என்பதால், உங்கள் இருவரில் ஒருவர் கூறுவது மட்டுமே சரி என்று சொல்ல முடியாது. சிணுங்கல் ஏறி இறங்கும். தூக்கினாலோ, மார்பில் சேர்த்தாலோ, டயப்பரை மாற்றினாலோ சற்று நேரமாவது அடங்கும். நலமான குழந்தை காரணம் தெரியாமல் நீண்ட நேரம் அழும் கோலிக் அழுகையோ எதற்கும் இணங்காது. முகம் சிவந்து, விரல்கள் இறுகி, முழங்கால் வயிற்றை நோக்கி மடங்கி, குரல் பசி அழுகையைவிட உச்சத்துக்குப் போகும். மார்பைப் பற்றிய குழந்தை உடனே விட்டுவிட்டு மறுபடி கத்தும். பிறகு, நீங்கள் எதுவும் புதிதாகச் செய்யாமலே, தொடங்கியது போலத் திடீரென நின்றுவிடும்.

நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் கோலிக் என்ற கணக்கை அமெரிக்க மருத்துவர் மோரிஸ் வெஸ்ஸல் 1954இல் வகுத்தார். இன்று அந்த மூன்றாவது வாரம் முடியட்டும் என்று எவரும் காத்திருப்பதில்லை. ஐந்து மாதத்துக்குக் குறைந்த குழந்தை, காரணம் தெரியாத நீண்ட அழுகை, தேற்ற முடியாமை, காய்ச்சலின்மை, சரியான எடை ஏற்றம் ஆகியவற்றையே பார்க்கிறார்கள். நலமான குழந்தைகளிலும் இரண்டாம் வாரம் முதல் அழுகை கூடி, ஆறாம் வார வாக்கில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதத்துக்குள் தணியும். உங்கள் மகன் அந்த ஏறுமுகத்தில்தான் இருக்கிறான்.

மூன்று நாள்களுக்கு, எப்போது தூங்கினான், குடித்தான், அழுதான், எதனால் அடங்கினான் என்று நேரத்துடன் எழுதி வையுங்கள். அதற்கு முன் ஒருமுறை ஆடையை முழுவதும் களைந்து பாருங்கள். கால்விரலில் முடி சுற்றி இறுகியிருக்கலாம். தொடை இடுக்கில் வீக்கம் இருக்கலாம். இவற்றைக் கோலிக் என்று எண்ணி வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.

அதே தாய்: எழுதினேன். வியாழன் மாலை 4.20க்கு விழித்தவன் பிறகு தூங்கவில்லை. 6.00, 6.40, 7.15க்குப் பால். 7.30 முதல் 8.20 வரை தூக்கினால் நிறுத்தினான், கீழே வைத்தால் அழுதான். 8.20 முதல் 9.40 வரை எதற்கும் அடங்கவில்லை. மற்ற இரண்டு நாள்களும் இப்படியே. எனக்குப் பால் போதவில்லையா?

ஈரமான டயப்பர் நாளுக்கு ஆறு அல்லது அதற்கு மேல் இருந்து, பலதுறை மருந்தகத்தில் பார்த்த எடையும் ஏறியிருந்தால் பால் போதுகிறது. மாலையில் அடுத்தடுத்துக் குடிப்பது இந்த வயதுப் பிள்ளைகளின் இயல்பு. அந்த மூன்று வேளைப் பாலைக் குறையாகக் கருத வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் என் கண் முதலில் நிற்பது 4.20இல். ஐந்து வாரக் குழந்தை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம், சில வேளை அதைவிடச் சற்றுக் கூடுதலாக விழித்திருந்தாலே களைத்துவிடும். உங்கள் மகன் மூன்று மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்து, அப்பாவும் மற்றவர்களும் வேலையிலிருந்து திரும்பி, தொலைக்காட்சி ஓடி, தாளிக்கும் ஓசையும் நெடியும் வீட்டை நிறைக்கும் நேரத்தை அடைகிறான். 7.30 முதல் 8.20 வரையிலானது களைப்பின் சிணுங்கல். தூக்கினால் நிற்பதே அதற்குச் சான்று. கோலிக் என்று நான் கருதுவது 8.20க்குப் பிறகு வரும் எண்பது நிமிடங்களை மட்டுமே.

ஆகவே ஐந்தேகால் மணிக்கே, அழுகை தொடங்கும் முன், அவனை மார்போடு சேர்த்துத் தூக்கி உறங்க வையுங்கள். முகம் திறந்திருக்கும்படியும் மோவாய் நெஞ்சில் அழுந்தாதபடியும் பார்த்துக்கொண்டால் தோள்துணியிலும் உறங்கலாம். ஆறரைக்கு விளக்கைக் குறைத்துத் தொலைக்காட்சியை அணையுங்கள். அப்பாவின் கொஞ்சலை விளையாட்டாக வைக்காமல் நடையாக மாற்றுங்கள்: அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, குலுக்கலும் நிற்றலும் இல்லாமல், நடைபாதையில் சீராக ஐந்து நிமிடம் நடக்கட்டும். உறங்கிவிட்டால் உடனே தொட்டிலில் போடாமல், உட்கார்ந்து ஐந்து முதல் எட்டு நிமிடம் பிடித்திருந்து, பிறகு மல்லாக்கப் படுக்க வைக்கட்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் கண்ட முறை இது. படுக்க வைத்ததும் விழித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நன்றாகவே பயன்படுகிறது.

8.20க்குப் பிறகு ஒரு வழியைப் பிடித்தால் பத்து நிமிடமாவது அதிலேயே நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு கை மாறி, தட்டி, ஆட்டி, கிலுகிலுப்பை காட்டினால் ஏற்கெனவே மிரண்ட குழந்தை மேலும் மிரளும். நான் முதலில் கற்றுத் தருவது முன்கைப் பிடி. குழந்தையின் வயிறு உங்கள் முன்கையில் படிய, கன்னம் முழங்கை மடிப்பில் சாய, இரு கால்களும் உங்கள் உள்ளங்கையின் இரு பக்கமும் தொங்க, மற்றக் கையால் முதுகைத் தாங்குவீர்கள். அத்துடன் காதருகே 'ஷ்ஷ்' என்று நீளமாக ஒலியெழுப்புங்கள். நம் வெப்பத்தில் துணியால் சுற்றுவதாக இருந்தால் மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும். இடுப்பும் கால்களும் மடங்க இடமிருக்க வேண்டும், பிடரியில் வியர்த்தால் அவிழ்த்துவிட வேண்டும்.

முதல் ஐம்பது நிமிடங்கள் குறையும் என்று நம்பிக்கையுடன் சொல்வேன். அந்த எண்பது நிமிடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். கூடுதலாகத் தூக்கி வைத்திருந்தால் சாதாரணக் குழந்தைகளின் அழுகை குறைவதைக் கனடாவில் 1986இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே கோலிக் உள்ள குழந்தைகளிடம் பிறகு சோதித்தபோது அந்தப் பலன் தெரியவில்லை.

தெம்பனிஸ், ஒரு பாட்டி: நான் பேரப்பிள்ளைகளை வளர்த்தவள். இது வாயுதான். வயிறு கல் போல இருப்பதைத் தொட்டாலே தெரியும். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவி, ஓமத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டால் அடங்கிவிடும். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

அம்மா, வயிறு இறுகுவதும் காற்று பிரிவதும் நீங்கள் கண்டபடியே உண்மை. ஆனால் பெரும்பாலும் அழும்போது விழுங்கும் காற்றும், முக்குவதால் ஏற்படும் இறுக்கமுமே அவை. அழுகைக்குக் காரணமாக அமைவதைவிட அதன் விளைவாகவே வருகின்றன. வாயுவைக் கலைக்கும் சொட்டு மருந்தான சிமெத்திகோனை ஆய்வுகளில் சோதித்தபோது, வெற்றுச் சொட்டைவிடச் சிறந்த பலன் எதுவும் காணப்படவில்லை.

வசம்பை வாயில் வைக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதிலுள்ள அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை கொண்டது. ஆறு மாதம் வரை ஓமத் தண்ணீரும் வேண்டாம், வெறும் தண்ணீரும் வேண்டாம். ஒரு வயது வரை தேன் அறவே கூடாது. உங்கள் கைப்பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: எண்ணெய் தொட்ட வெதுவெதுப்பான உள்ளங்கையால் வயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் மெல்லத் தடவுவது பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதை அழுகை உச்சத்தில் செய்யாமல், அமைதியாக இருக்கும் பிற்பகலில் செய்யுங்கள்.

உட்லண்ட்ஸ், ஒரு தாய்: ஸ்பிரிங் மாட்டிய சாரோங் தொட்டிலில்தான் மகள் அடங்குகிறாள். இரவு முழுதும் அதிலேயே விடலாமா?

விட வேண்டாம். துணி வளைவதால் மோவாய் நெஞ்சில் படிந்து மூச்சு தடைபடலாம்; துணி முகத்திலும் மூடலாம். நீங்கள் விழித்து அருகில் இருக்கும்போது மெதுவாக ஆட்டி அமைதிப்படுத்தலாம். உறங்கியதும் தட்டையான, உறுதியான மெத்தைக்கு மாற்றி, தலையணை எதுவுமின்றி மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

ஜூரோங், ஒரு தாய்: நான் பால், தயிர், மைலோ எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் மகனின் அழுகை நின்றது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் எல்லாரும் இதைச் செய்யலாமே?

மலத்தில் இரத்தம் அல்லது சளி, தோலில் படை, அடிக்கடி வாந்தி ஆகியவை இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, மீண்டும் சேர்த்தும் பார்ப்பார்கள். அவை இல்லாத எல்லாத் தாய்மாரும் நிறுத்த வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. பத்தாம் வாரத்தில் பாலை நிறுத்தி, பன்னிரண்டாம் வாரத்தில் அழுகை நின்றால், நிறுத்தியது பாலா, வயதா என்று எப்படிச் சொல்வது?

அதே தாய்: மீண்டும் தயிர் சாப்பிட்ட அன்றே அழுதான். அதையும் வயது என்பீர்களா?

இல்லை, அது கவனிக்க வேண்டிய செய்திதான். ஒரு நாள் அழுகையைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய என்னால் இயலாது. மருத்துவரிடம் இதே விவரத்தைச் சொல்லி, மறுபடி ஒருமுறை சேர்த்துப் பார்க்கக் கேளுங்கள். லாக்டோபாசில்லஸ் ரியூட்டரி என்ற நற்கிருமிச் சொட்டைப் பற்றியும் அவரிடமே கேட்கலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு அது ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் உள்ளன. பால்மாவு குடிக்கும் குழந்தைகளுக்குப் பலன் உறுதியாகவில்லை.

ஈசூன், ஒரு தந்தை: எங்கள் மகளுக்கு ஏழு மாதம். நேற்று மாலையிலிருந்து விட்டு விட்டு அலறுகிறாள், காலை மடக்குகிறாள். முன்கைப் பிடி உதவுமா?

பிடியை இப்போது விடுங்கள். ஏழு மாதத்தில் புதிதாக வருவது கோலிக் ஆகாது. அலறல் சில நிமிடம் வந்து, நின்று, பதினைந்து இருபது நிமிடத்தில் மீண்டும் வருகிறதா, முகம் வெளிறுகிறதா, இடையில் துவண்டு கிடக்கிறாளா என்று பாருங்கள். குடல் ஒன்றினுள் ஒன்று செருகிக்கொள்வதன் அறிகுறிகள் அவை. ஆம் என்றால் காலை வரை காத்திருக்காமல் இப்போதே கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இல்லை என்றாலும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலியாகவும் இருக்கலாம்.

மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் மறுத்தல், உச்சிக்குழி புடைத்தல், முனகலாகத் தளர்ந்த அழுகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரப் பிரிவுதான்.

பெயர் சொல்ல விரும்பாத தாய்: கணவருக்கு இரவு வேலை. பணிப்பெண்ணும் இல்லை. அழுகை ஒரு மணி நேரம் தாண்டினால் என் கை நடுங்குகிறது. குலுக்கிவிடுவேனோ என்று பயம்.

அந்த நடுக்கம் வந்த கணமே பிள்ளையைத் தட்டையான மெத்தையுள்ள தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, தொட்டிலில் வேறு எதுவும் இல்லை என்று பார்த்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்துச் சென்று பாருங்கள். உணவும் துணியும் சரியாக இருக்கும் பிள்ளைக்குத் தனியே அழும் அந்தப் பத்து நிமிடத்தால் தீங்கு வராது. சில நொடி குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும்; பார்வையோ உயிரோ போகலாம்.

அடுத்த மாலை வருமுன், எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் வந்து பிள்ளையைத் தூக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அண்டை வீட்டாராக இருந்தாலும் தயங்காமல் கேளுங்கள். அழுகை நின்ற பிறகும் உங்களுக்கு உறக்கம் வராமலோ, மனம் கனத்தே கிடந்தாலோ, பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் நாளில் தாதியிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். அதுவரை பொறுக்க முடியவில்லை என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.