பித்தப்பை ஆபரேஷன் தவறிப்போனால் மருத்துவர் மேல் எதை நிரூபிக்க வேண்டும்?

கேள்வி: பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். பித்தக்குழாய் வெட்டுப்பட்டு, வேறு இடத்தில் மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. 'இது வழக்கமான சிக்கல்தான், கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே' என்கிறார்கள். எதை நிரூபிக்க வேண்டும், எங்கே புகார் செய்வது?

அல்சூரில் இருக்கும் என் சித்திக்கு அச்சு அசலாக இதே கதை நடந்தது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் கசப்பான விஷயம். குழாய் வெட்டுப்பட்டது என்பதை மட்டும் வைத்து ஜெயிப்பது கடினம். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுக்கும்போது ஆயிரத்தில் சிலருக்கு, கவனமான சர்ஜன் கையிலும், இப்படி ஆகிறது. சட்டம் பார்ப்பது விளைவை அல்ல. அதே நிலைமையில் அந்தத் துறையின் சராசரித் திறமையுள்ள மருத்துவர் ஒருவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா, செய்யாததால்தான் உங்களுக்குப் பாதிப்பு வந்ததா என்ற இரண்டையும்தான். வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டால் அந்தத் துணியே சாட்சி. குழாய் விஷயம் அப்படி இல்லை.

நாங்களும் முதலில் 'வெட்டிவிட்டார்' என்றே கத்திக்கொண்டிருந்தோம். எங்கள் வழக்கறிஞர்தான் 'வெட்டியதை விடுங்கள், அப்புறம் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்' என்றார்.

கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்ததும் புரிந்தது. ஆபரேஷனுக்கு மறுநாளே, உள்ளே சேரும் திரவம் வெளியேற வயிற்றில் வைத்த டிரெய்ன் குழாயில் பித்தநீர் நிறத்தில் 200 மி.லி. வந்ததாக நர்ஸ் எழுதியிருந்தார். அதற்கடுத்த நாள் 250. அதே இரண்டு நாளும் டாக்டரின் குறிப்பில் 'நலம்' என்று ஒரே வார்த்தை. ஸ்கேன் இல்லை, ரத்தத்தில் பிலிருபின் அளவும் பார்க்கவில்லை. காய்ச்சலும் வயிற்று வலியும் இருந்தபோதே, 'வாயுதான்' என்று சொல்லி நான்காம் நாள் டிஸ்சார்ஜ். ஒன்பதாம் நாள் வேறு மருத்துவமனையில் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்தபோது குழாய் அறுந்திருந்தது தெரிந்தது. அதற்குள் வயிறு முழுக்கத் தொற்று. பித்தக்குழாயைக் குடலோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது.

காயம் சிக்கலாக இருக்கலாம். ஆனால் டிரெய்னில் பித்தநீர் வருவதைப் பார்த்தும் தேடாமல் விட்டது அலட்சியம். கன்ஸென்ட் படிவத்தில் போட்ட கையெழுத்து, சொல்லப்பட்ட அபாயத்துக்குத்தான். கவனிக்காமல் விடுவதற்கு நாம் யாரும் சம்மதம் கொடுக்கவில்லை.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காதீர்கள், அது அவர்கள் எழுதிய கதை. நர்ஸ் சார்ட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துத் தாள், கன்ஸென்ட் படிவம், பதிவு செய்திருந்தால் ஆபரேஷன் வீடியோ, எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு, மனு பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது நிபுணர் கருத்து. எல்லா வழக்கிலும் அது கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் இந்த மாதிரி வழக்கில் அது இல்லாமல் போகாதீர்கள். உள்ளூர் சர்ஜன்கள் எழுதித் தரத் தயங்கினார்கள். கடைசியில் வேறு ஊர் சர்ஜன் ஒருவர்தான் 'இரண்டாம் நாளே ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும்' என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். வழக்கு நின்றது அதன்மேல்தான்.

இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேதான். அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே இல்லை. மருத்துவரோடு மருத்துவமனையையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; ஓசூரில் இருந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே முடியும், பெங்களூருக்கு அலைய வேண்டாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி அடைபடும், சிவில் நீதிமன்றம்தான்.

கர்நாடக மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். அவர்களால் மருத்துவரின் பதிவை நிறுத்திவைக்க முடியும், பணம் வாங்கித் தர முடியாது. போலீஸுக்கு நான் போகச் சொல்ல மாட்டேன். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று 2005-இலேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது.

எங்கள் வழக்கில் ஆணையம் வெட்டுப்பட்டதை அலட்சியமாக ஏற்கவில்லை, தாமதத்தை ஏற்றது. இரண்டாவது ஆபரேஷன் செலவும் அதற்கு மேல் ஒரு தொகையும் கிடைத்தது.

இன்னொன்று, நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யக் காலக்கெடு இரண்டு வருடம். 1993-இல் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் 2002-இல் காஸ் துணி கிடைத்தது. அத்தனை வருடம் வலியோடு இருந்தும் அந்த டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்கவே இல்லை என்று உச்ச நீதிமன்றம் அவர் புகாரைத் தள்ளிவிட்டது. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த தேதியை நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.