எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள்: ஆற்றல் கணக்கு சரி, விடை ஏன் தப்பு?

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஜன்னல் வேலை செய்யும் கடையில் அலுமினியச் சேனல் வாங்கி, பேரிங் சக்கரம் போட்ட இரண்டு வண்டிகளை அதில் ஓடவிட்டோம். ஒன்றையொன்று தள்ளுகிற மாதிரி முன்பக்கம் காந்தம் ஒட்டியிருக்கிறோம். 600 கிராம் வண்டி 0.50 மீ/வி வேகத்திலும் 400 கிராம் வண்டி 0.25 மீ/வி வேகத்திலும் எதிரெதிரே வந்தன. மீட்சி மோதல் என்று கணக்குப் போட்டால் பெரிய வண்டிக்கு 0.30, சின்ன வண்டிக்கு 0.55 வருகிறது. இயக்க ஆற்றலும் முன்னும் பின்னும் 0.0875 ஜூல், சரியாக இருக்கிறது. ஆனால் செல்போன் வீடியோவில் பெரிய வண்டி 0.08 வேகத்தில் பின்னால் வருகிறது, சின்னது 0.61 வேகத்தில் போகிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பு ஒரு கழித்தல் குறியில் இருக்கிறது. சின்ன வண்டி எதிர்த்திசையில் வருகிறது, அதனால் அதன் திசைவேகம் −0.25. நீங்கள் +0.25 என்று போட்டுவிட்டீர்கள். அப்படிப் போட்டால் அது வேறொரு மோதலின் கணக்கு ஆகிவிடும். இரண்டு வண்டியும் ஒரே பக்கம் போக, பெரியது பின்னாலிருந்து வந்து சின்னதைத் தள்ளுகிற மோதல் அது. அதற்கு 0.30, 0.55 என்பது சரியான விடைதான். உங்கள் சேனலில் நடந்தது அது இல்லை.

இந்தத் தப்பை ஆற்றல் கணக்கு காட்டிக்கொடுக்காது. இயக்க ஆற்றலில் வேகம் வர்க்கமாக வருவதால் +0.25 போட்டாலும் −0.25 போட்டாலும் மொத்தம் அதே 0.0875 ஜூல்தான். திசையை அறிந்திருப்பது உந்தம் மட்டுமே. அதனால் சேனலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓர் அம்புக்குறி வரைந்து, அந்தப் பக்கம் போவது கூட்டல், எதிர்ப்பக்கம் வருவது கழித்தல் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். கணக்கு முடியும் வரை அதை மாற்றக் கூடாது.

சரி, இப்போது குறியோடு போடுவோம். மோதலுக்கு முன் மொத்த உந்தம்:

0.6 × 0.50 + 0.4 × (−0.25) = 0.30 − 0.10 = 0.20 கிகி மீ/வி

மோதலுக்குப் பின்னும் இதே அளவு இருக்க வேண்டும். மோதலுக்குப் பின் பெரிய வண்டியின் திசைவேகம் v₁, சின்னதன் திசைவேகம் v₂ என்று வைத்தால் 0.6 v₁ + 0.4 v₂ = 0.20. இது முதல் சமன்பாடு.

இரண்டாவது சமன்பாட்டை ஆற்றலிலிருந்து எடுக்க வேண்டும். நேரடியாக வர்க்கங்களை வைத்துக்கொண்டு பிரதியிட்டால் இருபடிச் சமன்பாடு வரும். பரீட்சையில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது அங்கேதான். அதற்குள் போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. நிறைகளை m₁, m₂ என்றும் மோதலுக்கு முந்தைய திசைவேகங்களை u₁, u₂ என்றும் எழுதி, ஆற்றல் சமன்பாட்டில் முதல் வண்டியின் உறுப்புகளை ஒரு பக்கமும் இரண்டாவதன் உறுப்புகளை மறுபக்கமும் கொண்டுபோய்க் காரணிப்படுத்துங்கள்:

m₁(u₁ − v₁)(u₁ + v₁) = m₂(v₂ − u₂)(v₂ + u₂)

உந்தச் சமன்பாட்டையும் அதே மாதிரி பிரித்தால் m₁(u₁ − v₁) = m₂(v₂ − u₂). மேலே உள்ளதை இதால் வகுத்தால் நிறைகள் எல்லாம் அடிபட்டுப்போய் u₁ + v₁ = u₂ + v₂ என்று மிஞ்சும். கொஞ்சம் இடம் மாற்றி எழுதினால்:

v₂ − v₁ = u₁ − u₂

அதாவது நெருங்கி வந்த வேகமும் விலகிப் போகிற வேகமும் ஒன்றே. உங்கள் வண்டிகள் நெருங்கிய வேகம் 0.50 − (−0.25) = 0.75. விலகும் வேகமும் 0.75 ஆக இருக்க வேண்டும். எனவே v₂ = v₁ + 0.75. இதை முதல் சமன்பாட்டில் போட்டால் 0.6 v₁ + 0.4 v₁ + 0.30 = 0.20. ஆகவே v₁ = −0.10, v₂ = 0.65. பெரிய வண்டி மெதுவாகப் பின்வாங்குகிறது, சின்னது வேகமெடுத்து வந்த வழியே திரும்புகிறது. உங்கள் வீடியோவில் தெரிவதும் இதுதான்.

வகுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். u₁ − v₁ பூச்சியமாக இருந்தால் வகுக்க முடியாது. அப்படி இருந்தால் வண்டியின் வேகம் மாறவே இல்லை, மோதலே நடக்கவில்லை என்று பொருள். இருபடிச் சமன்பாடாகப் போட்டவர்களுக்கு v₁ = 0.50 என்று இன்னொரு விடையும் வருவது இதனால்தான். இரண்டு விடை வந்தால், தொடக்க வேகத்தையே திருப்பித் தருகிற விடையைத் தள்ளிவிடுங்கள்.

விடையைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி வேறு. ஹாலந்துக்காரரான ஹைகன்ஸ் 17-ஆம் நூற்றாண்டில் மோதல்களை ஆராய்ந்தபோது, கால்வாயில் நகரும் படகில் ஒருவர் நின்று இரண்டு உருண்டைகளை மோதவிடுவதாகவும், கரையில் நிற்பவர் அதைப் பார்ப்பதாகவும் கற்பனை செய்தார். கல்லணைக் கால்வாய்க் கரையில் நின்று நீங்களும் அதை நினைத்துப் பார்க்கலாம். உங்கள் வண்டிகளின் மொத்த உந்தம் 0.20, மொத்த நிறை 1 கிலோ. ஆகவே நிறை மையம் 0.20 மீ/வி வேகத்தில் போகிறது. அதே வேகத்தில் படகு நகர்வதாக வைத்தால், படகில் இருப்பவருக்குப் பெரிய வண்டி +0.30 வேகத்தில் வரும், சின்னது −0.45 வேகத்தில் வரும். அவருடைய கண்ணுக்கு இரண்டின் உந்தமும் 0.18, எதிரெதிர்த் திசையில். மீட்சி மோதலில் அவர் பார்ப்பது இரண்டும் அதே வேகத்தில் அப்படியே திரும்புவதைத்தான்: −0.30, +0.45. கரையில் நிற்பவருக்காகப் படகின் 0.20-ஐக் கூட்டினால் −0.10, 0.65. இரண்டே வரியில் விடை வந்துவிட்டது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் குறி தப்பவில்லை என்று நம்பலாம்.

இதே பார்வையில் இன்னொன்றும் தெரியும். வண்டிகள் மிக நெருங்கியிருக்கும் நொடியில், படகில் இருப்பவருக்கு இரண்டும் நின்றுவிட்டது போலத் தோன்றும். கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கணம் இரண்டும் 0.20 மீ/வி வேகத்தில் சேர்ந்து நகர்கின்றன. அப்போது இயக்க ஆற்றல் வெறும் 0.02 ஜூல். மீதி 0.0675 ஜூல் காந்தங்களுக்கு நடுவே தேங்கியிருக்கிறது. காந்தங்கள் அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பழைய 0.0875 மீண்டும் வரும். அதனால் ‘மோதலின்போது இயக்க ஆற்றல் மாறாது’ என்று எழுதாதீர்கள். மோதலுக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கும், நடுவில் இருக்காது. உந்தம் மட்டும் நடுவிலும் மாறாது. வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால், இரண்டு வண்டியும் ஒரே பக்கம் சேர்ந்து நகரும் அந்தச் சிறு இடைவெளியை நீங்களே பார்க்கலாம்.

அப்புறம், 0.65-க்குப் பதில் 0.61, 0.10-க்குப் பதில் 0.08 வந்தது ஏன்? உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால் பின்னால் உள்ள உந்தம் 0.196. 0.20-க்கு மிக அருகில், குறை சொல்ல முடியாது. விலகும் வேகம் 0.69. அதை 0.75-ஆல் வகுத்தால் 0.92. பாடப்புத்தகத்தில் e என்று எழுதும் விகிதம் இதுதான். முழு மீட்சி மோதலுக்கு அது 1. இயக்க ஆற்றல் 0.076 ஜூல், அதாவது சுமார் 13 சதவீதம் காணவில்லை.

அது போன இடமாக நான் சந்தேகப்படுவது இரண்டு. ஒன்று, காந்தங்கள் கடைசி நொடியில் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். 0.0675 ஜூலைத் தாங்கும் பலம் காந்தத்துக்கு இல்லையென்றால் இரண்டும் இடித்துக்கொள்ளும், ‘டக்’ என்று சத்தம் கேட்கும். மற்றது உங்கள் அலுமினியச் சேனல். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்பதால் பலரும் கவலைப்படாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் காந்தம் அதன் பக்கத்தில் நகரும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, வண்டியைப் பிரேக் போட்ட மாதிரி பிடிக்கும். கை தொடாமலே வேகம் குறையும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, இரண்டு வண்டியையும் பாதி வேகத்தில் விட்டு மறுபடி e-யைப் பாருங்கள். காந்தங்கள் தொட்டதுதான் காரணம் என்றால் மெதுவான மோதலில் தொடாது, e ஒன்றை நெருங்கும். சேனலின் பிடிப்போ பேரிங்கின் உராய்வோ காரணம் என்றால் e கூடாது, இன்னும் குறையும். சுழல் மின்னோட்டத்தின் தடுப்பு விசை வேகத்துக்கு நேர்விகிதம். அதனால் ஒரே தூரத்துக்கு அது தின்னும் வேகம் எப்போதும் ஒரே அளவு. மெதுவாகப் போகிற வண்டிக்கு அது பெரிய நஷ்டம்.

சேனல்தான் என்று தெரிந்தால், காந்தங்களைக் கழற்றிவிட்டு அதே எடைக்குக் களிமண் ஒட்டி ஒரு வண்டியைத் தனியாக ஓடவிடுங்கள். காந்தத்தோடு ஓடியதைவிட அதிக தூரம் போனால் காரணம் உறுதி. காந்தத்தை ஒரு மரத்துண்டின் மேல் ஏற்றி, அடிப்பகுதியிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் சில சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு காந்தமும் நேருக்கு நேர் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று மேலே தூக்கி வண்டியை ஆட்டிவிடும்.

மட்டத்தையும் பாருங்கள். டெல்டாவில் தரை சமமாக இருக்கலாம், ஆய்வக மேசை அப்படி இருக்காது. ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சரிந்தாலே வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடியும் 0.01 மீ/வி மாறும். 0.65-க்கு அது பொருட்டில்லை, 0.10-க்கு அது பத்தில் ஒரு பங்கு. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும்.

பெரிய வண்டியின் 0.08 என்ற அளவையே நான் ரொம்ப நம்பமாட்டேன். விநாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் 10 ஃபிரேமுக்குள் அது 2.7 சென்டிமீட்டர்தான் நகரும். ஸ்கேலில் 2 மில்லிமீட்டர் தவறிப் படித்தாலே 7 சதவீதம் போச்சு. ஸ்லோ மோஷன் இருந்தால் அதில் எடுங்கள், ஸ்கேலை வண்டிக்கு ஒட்டியே வையுங்கள், மோதல் முடிந்த உடனே உள்ள ஃபிரேம்களை மட்டும் அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு, சின்ன வண்டியில் 200 கிராம் ஏற்றி இரண்டையும் 600 கிராம் ஆக்கி, ஒன்றை நிறுத்திவைத்து மற்றதை மோதவிடுங்கள். மீட்சி மோதல் என்றால் வந்த வண்டி அப்படியே நின்றுவிட வேண்டும், நின்ற வண்டி அதே வேகத்தில் கிளம்ப வேண்டும். வந்தது நிற்காமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் e இன்னும் 1 ஆகவில்லை. 0.50-ல் வந்து 0.02-ல் தொடர்ந்து நகர்ந்தால் e = 0.92, உங்கள் பழைய அளவேதான்.