கணக்கில் இரண்டரை மணி நேரம் மிச்சம், வாசலில் காத்திருக்கும் லாரிகள்

கேள்வி: இரவு பேட்ச் முன்பெல்லாம் விடிவதற்கு வெகுநேரம் முன்பே முடிந்துவிடும். டேட்டா கூடிக்கொண்டே போவதால் இப்போது காலை வேலை தொடங்கும் நேரத்தைத் தொடுகிறது. இன்னும் எவ்வளவு நாள் தாங்கும், எவ்வளவு பெரிய சர்வர் வாங்க வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

நீங்களும் சராசரியை வைத்துத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போட்டேன். வங்கிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு என் எண்கள் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் எங்கள் காலக்கெடுவுக்கு வாசலில் லாரி நிற்கும் என்பதையும் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

கோத்தகிரிப் பக்கம், எஸ்டேட்களுக்கும் பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளுக்கும் எடைக் கணக்கு எழுதும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பறிப்பவர்களுக்கு ஒரு நாளில் மூன்று முறை எடை, சிறு விவசாயிகளுக்கு மூட்டைக்கு மூட்டை எடை, ஒவ்வோர் எடையும் ஒரு பதிவு. எல்லா இடங்களின் கோப்புகளும் வந்து சேர்ந்த பிறகு இரவில் பேட்ச் தொடங்கும். காலை 5 மணிக்கு லாரிகள் கிளம்புவதற்குள் ஒவ்வொருவரின் நிலுவையும் முன்பணமும் எடைக் கருவிகளில் ஏறியிருக்க வேண்டும்.

பல வாரங்களின் லாக்கைப் பிரித்துப் பார்த்ததில், எங்கள் ஓட்ட நேரம் மூன்று துண்டுகளால் ஆனது என்று தெரிந்தது.

```
T = 25 + D + S
T : நிமிடங்கள்
D : அன்றைய பதிவுகள் (ஆயிரத்தில்)
S : ஏப்ரல் 1 முதல் சேர்ந்த பதிவுகள் (லட்சத்தில்)
```

டேட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் 25 நிமிடம் போகும். அன்றைய பதிவுகளைச் சரிபார்த்து ஏற்ற, ஆயிரத்துக்கு ஒரு நிமிடம். மூன்றாவது துண்டுதான் வில்லங்கம்: நிலுவையைக் கணக்கிடும் நிரல், நிதியாண்டின் முதல் நாளிலிருந்து எல்லாப் பதிவுகளையும் ஒவ்வோர் இரவும் ஒவ்வொன்றாகப் படித்தது, அதற்கு லட்சத்துக்கு ஒரு நிமிடம். ஆக, தினசரி அளவு ஒரு பதிவுகூடக் கூடாவிட்டாலும் இந்தத் துண்டு இரவுக்கு இரவு வளரும். ஏப்ரல் வந்தால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பதால், மார்ச்சில் முனகியவர்கள் எல்லோரும் ஏப்ரலில் "தானாகச் சரியாகிவிட்டது" என்று மறந்துவிடுவார்கள்.

புதிய தோட்டங்கள் சேர்ந்து அளவு 30 சதவீதம் கூடிய ஆண்டில் நான் நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தேன். கடைசிக் கோப்பு சராசரியாக இரவு 10:50-க்கு வருகிறது, ஓட்டம் சராசரியாக 3 மணி 40 நிமிடம், எனவே 2:30-க்கு முடியும், இரண்டரை மணி நேரம் மிச்சம் என்று அதில் எழுதியிருந்தேன். எண் எதுவும் தப்பில்லை. அக்டோபரில் நடந்தது வேறு. நீலகிரியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொழுந்து வரத்து அதிகம். வரத்து கூடும் நாளில் எடை போட்டு முடிக்கவே இருட்டிவிடும், அதனால் கோப்பும் தாமதமாக வரும். அதாவது, பதிவுகள் அதிகமாக இருக்கும் அதே இரவில்தான் அவகாசமும் குறைகிறது. இரண்டையும் தனித்தனியே சராசரி பார்த்தால் இந்த உறவு கண்ணில் படாது. அன்று 1,17,000 பதிவுகள், ஆண்டுச் சேர்க்கை 130 லட்சம், ஆக 272 நிமிடம். கடைசிக் கோப்பு வந்தது 12:20-க்கு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 4:52 ஆகும்.

ஒழுங்காக நடக்கவில்லை. ஓர் எஸ்டேட்டின் கோப்பு இரண்டு முறை வந்திருந்ததால் 2:40-க்கு பேட்ச் நின்றது. இடையில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இல்லை. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஓட்டினேன். முடியும்போது 7:12. மூடுபனிக்குள் விளக்கை எரியவிட்டபடி லாரிகள் வரிசையாக நிற்க, சூப்பர்வைசர் ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்து, "சார், வண்டிய விடட்டுமா, வேண்டாமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே சர்வர் விற்பவர் ஒருவரைக் கூட்டி வந்து பதினாறு கோர் உள்ள புதிய இயந்திரத்தை வாங்கினார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. பதிவு பதிவாகப் படிக்கும் நிரல் ஒரே ஒரு கோரைத்தான் பயன்படுத்தும். நள்ளிரவில் `top` போட்டு `1`-ஐ அழுத்திப் பார்த்தால் ஒரு கோர் மூச்சிரைக்கிறது, மற்ற பதினைந்தும் சும்மா இருக்கின்றன. மிச்சமானது இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை. சர்வர் வாங்கும் முன் நீங்களும் அந்தத் திரையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பலன் கொடுத்தது மாத முடிவு நிலுவையைச் சேமித்து வைத்ததுதான். ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் ஒவ்வொருவரின் நிலுவையும் தனி அட்டவணையில் பூட்டப்படும்; இரவு ஓட்டம் அந்த மாதத்தின் பதிவுகளை மட்டும் படிக்கும். எடை தவறு என்று பின்னர் புகார் வந்தால் பழைய பதிவைத் தொடாமல் நடப்பு மாதத்தில் ஒரு திருத்தப் பதிவு போட வேண்டும். கணக்குப் பிரிவு இதற்குச் சம்மதிக்க மூன்று கூட்டங்கள் ஆயின. நிரலையே மொத்தமாகத் திருத்தி எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். எழுதலாம்தான். ஆனால் வேகமான நிரலும் ஆண்டு முழுவதையும் படித்தால் வளர்ச்சி நிற்காது என்பதால், படிக்கும் அளவைக் குறைப்பதை முதலில் வைத்தேன்.

அந்த அக்டோபர் இரவையே மறுபடி கணக்கிட்டேன். S அதிகபட்சம் 30. ஓட்டம் 172 நிமிடம். கட்டத்துக்குக் கட்டம் நிறுத்தித் தொடரும்படி செய்தாலும், மிகப் பெரிய கட்டமான 117 நிமிடத்தைத் திரும்ப ஓட்ட நேர்ந்தால் மொத்தம் 289. முடிவது 5:09. ஒன்பது நிமிடம் இன்னும் இடித்தது. ஆகவே எல்லோருக்காகவும் காத்திருக்காமல், கோப்பு வர வரவே சரிபார்த்து ஏற்றத் தொடங்கினோம். இப்போது கடைசிக் கோப்பு வந்த பிறகு மிஞ்சுவது அந்த ஒரு கோப்பின் 8 நிமிடம், நிலையான 25, நிலுவைக்கு 30, ஆக 63 நிமிடம். முழுவதையும் இரண்டு முறை ஓட்டினாலும் 2:26-க்கு முடிந்துவிடும்.

எவ்வளவு நாள் தாங்கும் என்ற உங்கள் கேள்விக்கும் இதே வழியில் விடை வரும். 12:20 முதல் 5 மணி வரை 280 நிமிடம். ஒரு முறை தவறி மறுபடி ஓட்ட இடம் வேண்டுமானால் ஓர் ஓட்டம் 140-ஐத் தாண்டக் கூடாது. நிலையான 25-ஐயும் கடைசிக் கோப்பின் 8-ஐயும் கழித்தால் நிலுவைக்கு 107 கிடைக்கும். இன்றைய 30-ஐப் போல மூன்றரை மடங்கு. ஆண்டுக்கு 30 சதவீத வளர்ச்சியில் ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கடைசிக் கோப்பு 2 மணிக்கு வரத் தொடங்கினால் அதே கணக்கு இரண்டரை ஆண்டுக்குள் சுருங்கிவிடும். உங்கள் இடத்திலும் டேட்டாவின் அளவோடு நிறுத்திக்கொள்ளாமல் கடைசிக் கோப்பு வரும் நேரத்தையும் வரைபடத்தில் போடுங்கள்.

இந்த நேர்கோட்டுக் கணக்கு முறியும் இடம் ஒன்று உண்டு. வரிசைப்படுத்தும் வேலை நினைவகத்தில் அடங்காமல் டிஸ்க்குக்குப் போனால் நேரம் ஒரே இரவில் எகிறும். போஸ்ட்கிரஸில் `EXPLAIN ANALYZE` ஓட்டிப் பார்த்தால் `quicksort` இருந்த இடத்தில் `external merge` என்று வரும். அந்த நினைவகத்தின் வரம்பான `work_mem` இயல்பாக 4 எம்பிதான். மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு, S-க்கு உரிய நிமிடத்தை லாக்கிலிருந்து மறுபடி அளந்து மேலே உள்ள சூத்திரத்தில் மாற்றிக்கொள்கிறேன்.