வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் முன்: ஜவுளி படித்த மகளுக்கு ஜெர்மனி

பல்லடத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். விசைத்தறிக்கூடம் வைத்திருப்பவர். மகள் பி.டெக். ஜவுளித் தொழில்நுட்பம் கடைசி ஆண்டு, சராசரிப் புள்ளி 8.0. "இவளுடைய பெரியப்பா மகன் லண்டனில் ஓராண்டு மேலாண்மை படித்தான். இவளையும் அனுப்பு என்று சொந்தபந்தமெல்லாம் சொல்கிறது. 32 லட்சம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாம் என்றிருக்கிறேன். இவளோ நூல், துணி, மெஷின் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?"

ஐயா, கவலைப்படாதீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பத்திரம் என்று படித்ததும் மனம் மாறிவிட்டது. கொஞ்சம் கவலைப்படுங்கள். 32 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 44,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. விருப்பமில்லாத பாடத்தை ஓராண்டு படித்துவிட்டு, அந்தத் தவணைக்காகக் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்ள வேண்டியது உங்கள் மகள்தான். பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு தவணையும் வராது. ஆகவே லண்டன் பேச்சை இத்தோடு விடுங்கள். நான்காண்டு நூலோடு பழகிய பெண்ணை அதிலிருந்து பிடுங்கி எடுக்க இத்தனை செலவு எதற்கு?

ஜெர்மனியில் மோன்ஷென்கிளாட்பாக் என்றொரு ஊர். உறவினர் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கோவைப் பக்கத்து நூற்பாலைக்காரர்களுக்கு டிரட்ஷ்லர் கார்டிங் இயந்திரம் தெரியும். அந்த நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். அதே ஊரில் நீடர்ரைன் பயன்முறைப் பல்கலைக்கழகத்தின் ஜவுளி, ஆடைத் தொழில்நுட்பத் துறையும் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம். அந்த ஊர் இருக்கும் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. பவேரியாவில் ஹோஃப் பல்கலைக்கழகத்துக்கு மியூன்ஷ்பெர்க்கில் ஒரு ஜவுளி வளாகம் இருக்கிறது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஜவுளி இயந்திரப் பிரிவு உண்டு. எந்த முதுகலைப் படிப்பு ஆங்கிலத்தில், எது ஜெர்மன் மொழியில் என்பதை ஒவ்வொன்றின் சொந்த இணையப் பக்கத்திலும் மகளே உட்கார்ந்து படிக்கட்டும்.

ஜெர்மனி முழுவதும் இலவசம் என்பதும் சரியல்ல. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து அதைவிட அதிகமாக வாங்குகிறது.

இனி சேர்க்கை. நம் சராசரிப் புள்ளியை அவர்கள் தங்கள் அளவுகோலுக்கு மாற்றுவார்கள். அங்கே 1 தான் உச்சம், 4 என்றால் கரையேறியது. உங்கள் மகளின் 8.0-ஐ இப்படி மாற்றுவார்கள்:

```
1 + 3 × (10 − 8.0) ÷ (10 − 5) = 2.2
1 + 3 × (10 − 8.0) ÷ (10 − 6) = 2.5
```

இரண்டு வரிகளுக்கும் வித்தியாசம், தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளி 5 ஆ, 6 ஆ என்பது மட்டுமே. பல படிப்புகளில் 2.5 தான் எல்லைக்கோடு. உழைப்பு அதேதான், மதிப்பெண்ணும் அதேதான். ஆனால் முதல் கணக்கில் வசதியாக உள்ளே, இரண்டாவதில் வாசற்படியில். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் புள்ளி அட்டவணை அச்சாகியிருக்கும். அதில் குறைந்தபட்சம் தெளிவாக இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் சான்று வாங்கிவிடுங்கள். படிப்பு முடிந்து நண்பர்கள் கலைந்த பிறகு அந்த அலுவலகத்துக்கு அலைவது பெரும்பாடு.

அடுத்தது ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகள் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு இது இல்லாமல் முடியாது. கட்டணம் 18,000 ரூபாய். கூட்டம் அதிகமான மாதங்களில் தாமதமாகும் என்பதால் பல்கலைக்கழக முடிவுக்குக் காத்திருக்காமல் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். முடக்கக் கணக்கு என்று ஒன்று திறந்து, வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே அதில் போட்டு வைக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு 11,904 யூரோ. அதற்கு முன் 11,208 ஆக இருந்தது, இனியும் மாறலாம். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 12 லட்சம். இது கட்டணம் அல்ல, உங்கள் மகளின் சாப்பாட்டுப் பணம். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். அதில் மருத்துவக் காப்பீட்டுக்கே 140 யூரோவுக்கு மேல் போய்விடும். மிச்சத்தில் மாணவர் விடுதி அறை கிடைத்தால் சிறிய ஊரில் சமாளிக்கலாம். மியூனிக்கில் வாடகையே விழுங்கிவிடும்.

ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் அந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்துத் திட்டம் போடாதீர்கள். முதல் ஆண்டுப் பணம் கையிலும், இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு வழியும் தெரிந்தால் மட்டுமே புறப்பட வேண்டும். வீட்டுப் பத்திரமும் தறியும் அந்த வழியாக இருக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம். ஆனால் ஜவுளி நிறுவனங்கள் பெரும்பாலும் சிறிய ஊர்களில் இருப்பவை; தொழிற்கூடத்தில் பேசுவது ஜெர்மன். இயந்திரத் துறையில் ஆர்டர் குறைந்து ஆட்குறைப்பும் நடக்கிறது. ஜெர்மன் மொழியை இங்கேயே தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 வரை முடித்து, அங்கே பி1, பி2 என்று ஏறவில்லையென்றால் 18 மாதமும் உணவகத்தில் தட்டுக் கழுவியே கரைந்துவிடும். மொழி வகுப்பில் சேர அவளுக்கு மனமில்லையென்றால் அனுப்பவே வேண்டாம்.

பயணத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை:

- கடவுச்சீட்டு, 10, 12-ஆம் வகுப்புச் சான்றுகள், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களும், பட்டம் அல்லது தற்காலிகச் சான்று. பெயரும் முதலெழுத்தும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.
- கல்லூரி முத்திரையோடு முழுப் பாடத்திட்டம். நூற்பு, நெசவு, கணிதம் எத்தனை மணிநேரம் படித்தாள் என்பதை வைத்தே பாடப் பொருத்தம் பார்ப்பார்கள்.
- ஏ.பி.எஸ். சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், சேர்க்கைக் கடிதம்.
- முடக்கக் கணக்கின் உறுதிக் கடிதம், காப்பீடு.

இவற்றில் நான் சொன்ன ஒவ்வொரு தொகையையும் விதியையும் விண்ணப்பிக்கும் வாரத்தில் திரும்பப் பாருங்கள்: சான்றிதழுக்கு aps-india.de, விசாவுக்கு india.diplo.de, கல்லூரி அங்கீகாரத்துக்கு anabin.kmk.org, படிப்புகளுக்கு daad.de. ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் படம் ஆதாரம் ஆகாது. விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலையில் எடுக்கப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம்.

ஏஜென்டைப் பற்றியும் ஒன்று. ஜெர்மனி என்று சொன்னதும் அவரும் தலையாட்டி, ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் வாங்கும் தனியார் கல்லூரி ஒன்றைக் காட்டக்கூடும். கமிஷன் அங்கேதான் கிடைக்கும். "அரசு அங்கீகாரம் பெற்றது" என்பார்; நம் ஊர்த் தனியார் கல்லூரிக்கும் அந்த அங்கீகாரம் உண்டுதானே? hochschulkompass.de தளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டால் அரசா, தனியாரா என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். வெளிநாட்டு மாணவர்களுக்குச் சில துறைகள் அதற்குப் பல மாதம் முன்பே மூடிவிடுகின்றன. இந்த வாரம் மகளைக் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்பிப் பாடத்திட்டத்துக்கு முத்திரை வாங்கச் சொல்லுங்கள்.