எட்டு வயது நாய்க்கு உண்மையில் என்ன வயது?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். லேப்ரடார் ப்ரூனோ, 38 கிலோ, கருத்தடை செய்தாயிற்று. பொமரேனியன் ரோஸி, 4 கிலோ. இருவருக்கும் 8 வயது. ஏழால் பெருக்கினால் 56 என்கிறாள் மகள். ஆனால் ரோஸி குட்டி மாதிரி ஓடுகிறாள்; ப்ரூனோ காலையில் எழுந்திருக்கவே சிரமப்படுகிறான். வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா? இருவருக்கும் முதிய நாய்களுக்கான உணவுக்கு மாறலாமா?

பதில்: ஏழால் பெருக்கும் கணக்கு முதல் வருடத்திலேயே உடைந்துவிடும். ஒரு வயது நிரம்பிய நாய் குட்டி போடும். ஏழு வயதுக் குழந்தைக்கு இன்னும் பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கும். நாய் முதல் இரண்டு வருடங்களில் வேகமாக முதிர்கிறது, பிறகு வேகம் குறைகிறது. நடுத்தர அளவுள்ள நாய்க்கு முதல் வருடத்தை மனிதரின் 15 ஆகவும், இரண்டாம் வருடத்தை மேலும் 9 ஆகவும், அதன்பின் ஒவ்வொரு வருடத்தையும் சுமார் 5 ஆகவும் எடுத்துக்கொள்வது ஏழைவிட நெருக்கமான கணக்கு.

2020-ல் வெளியான ஓர் ஆய்வு, டிஎன்ஏவின் மேல் வயதோடு சேரும் வேதிக்குறிகளை நாய்களிலும் மனிதரிலும் ஒப்பிட்டு ஒரு சூத்திரம் தந்தது: 16 × ln(நாயின் வயது) + 31. ln என்பது இயல்மடக்கை. இதன்படி ப்ரூனோவுக்கு 64 வரும். ஆனால் அதில் ஆராயப்பட்டவை லேப்ரடார்கள் மட்டுமே. ரோஸிக்கு அதைப் பொருத்தினால் விடை வரும், அர்த்தம் இருக்காது.

மனித வயது என்ன என்பதைவிட, அந்த இனத்தின் ஆயுளில் நாய் எங்கே நிற்கிறது என்பதுதான் மருத்துவத்துக்குப் பயன்படும். எதிர்பார்க்கும் ஆயுளின் கடைசிக் கால்பகுதியை முதுமை என்று கொள்கிறோம். லேப்ரடார் சுமார் 12 வருடம் வாழும் என்றால் முதுமை 9-ல் தொடங்குகிறது. பொமரேனியனுக்கு 14 என்று வைத்தால் பத்தரை. கிரேட் டேன் எட்டு, ஒன்பது வருடம்தான் வாழும். அதற்கு ஆறு, ஆறரையிலேயே முதுமை வந்துவிடும். உடல் பெரிதாகப் பெரிதாக ஆயுள் குறைகிறது. நாய்களை இனம் இனமாக ஒப்பிட்டபோது, எடை 2 கிலோ கூடினால் ஆயுள் சுமார் ஒரு மாதம் குறைவது தெரிந்தது. பெரிய நாய்களுக்கு முதுமை முன்னதாகத் தொடங்குவதைவிட, தொடங்கிய பிறகு அது வேகமாக ஓடுவதே இதற்கு முக்கியக் காரணம்.

அப்படியானால் ப்ரூனோ முதுமையின் வாசலில் இருக்கிறான். ஆனாலும் அவன் எழச் சிரமப்படுவதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வயது நாயை முடக்குவதில்லை, வலிதான் முடக்குகிறது. காலையில் விறைப்பாக எழுந்து, பத்து இருபது அடி நடந்ததும் இளகிவிட்டால் மூட்டுத் தேய்மானத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உட்காரும்போது ஒரு பின்னங்காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டினால் முழங்கால் தசைநார் கிழிந்திருக்கலாம். நாள் முழுக்க மந்தமாக இருந்து, முடி மெலிந்து, சாப்பாடு கூடாமலேயே எடை கூடினால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ரத்தத்தில் T4 என்ற தைராய்டு ஹார்மோனை மட்டும் பார்த்தால் போதாது. வேறு நோய் இருந்தாலும் அது தாழும். தைராய்டைத் தூண்டும் TSH ஹார்மோனையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று: மருத்துவமனைப் பதற்றத்தில் நொண்டுகிற நாய்கூட நேராக நடக்கும். அவன் காலையில் எழுவதையும் படி ஏறுவதையும் கைபேசியில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூட்டுகளை மடக்கி நீட்டிப் பார்ப்பதோடு எக்ஸ்ரேயும் தேவைப்படும்.

அடுத்தது அந்த 38 கிலோ. விரல்களை லேசாக வைத்தாலே விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அழுத்தித்தான் எலும்பைத் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம். அவனுடைய சரியான எடை 32 என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இளைக்கவேண்டிய நாய்க்கு, சரியான எடையில் ஓய்வுநிலைக்குத் தேவைப்படும் கலோரியைத் தருவதில் தொடங்குவோம்: 70 × 32^0.75, அதாவது நாளுக்குச் சுமார் 940 கலோரி. தின்பண்டங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதி 845 கலோரி. உணவுப் பையில் 100 கிராமுக்கு 350 கலோரி என்று இருந்தால், நாளுக்கு 240 கிராம். கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கோப்பையில் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அளவு விழும். வாரம் உடல் எடையில் ஒரு சதவீதம், அதாவது 300 முதல் 400 கிராம் வரை இறங்கினால், நான்கு மாதத்தில் 32-ஐத் தொடலாம். வாரம் இரண்டு சதவீதத்துக்கு மேல் இறங்கினால் தசையும் கரையும். நோவுள்ள மூட்டைத் தாங்குவதே தசைதான்.

எடையின் மேல் நான் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் உண்டு. 2002-ல் முடிவு வெளியான ஓர் ஆய்வில் 48 லேப்ரடார்களை ஒரே ஈற்றுக் குட்டிகளாகச் சோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவிட்டார்கள். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு நோவுக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குப் பிந்தித்தான்.

வலிக்கு வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள். முன்னது இரைப்பையில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பின்னது கல்லீரலைச் சிதைக்கும். நாய்க்கென உள்ள வலிமருந்துகளுக்கும் முன்னதாகச் சிறுநீரக, கல்லீரல் ரத்தப் பரிசோதனை வேண்டும், சில வாரங்களில் மறுபடியும் வேண்டும். வாந்தியோ கறுத்த மலமோ கண்டால், உணவை ஒதுக்கினால், அன்றே மருந்தை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். வழுக்கும் தரையில் அவன் நடக்கும் பாதையெங்கும் வழுக்காத விரிப்பு போடுங்கள், நகத்தைக் குட்டையாக வையுங்கள். ஒரே நீண்ட நடையை மூன்று குறுநடைகளாகப் பிரியுங்கள்.

ரோஸி ஓடுகிறாள் என்பதால் அவளைப் பார்க்காமல் இருந்துவிட வேண்டாம். சிறிய இனங்களுக்குக் கோளாறு மூட்டில் தொடங்குவதைவிடப் பல்லிலும் இதய வால்விலும் தொடங்குவதே அதிகம். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: ஈறு ஓரம் சிவந்து, பழுப்புக் காரை படிந்து, வாய் நாறினால் பல் சுத்தம் செய்ய வேண்டும். அது மயக்கம் கொடுத்துச் செய்வது. ஈறுக்கு அடியில் உள்ளதை விழித்திருக்கும் நாயிடம் எடுக்க முடியாது. இதயத்துக்கு, அவள் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு மூச்சாக வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய் 30-ஐத் தாண்டினால் தள்ளிப்போடாதீர்கள்.

ப்ரூனோவுக்கு இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம். ரோஸிக்கு இப்போதைக்கு வருடம் ஒருமுறை போதும், பத்து வயதில் அவளும் ஆறு மாதத்துக்கு வரட்டும்.

உணவை இப்போது மாற்ற வேண்டாம். பையில் முதிய நாய்களுக்கு என்று அச்சிட்டிருப்பதற்குப் பொதுவான தர அளவு கிடையாது. ஒன்றில் கலோரி குறைவாக இருக்கும், இன்னொன்றில் அதிகமாக இருக்கும், சிலவற்றில் புரதத்தைக் குறைத்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும் முதிய நாய்க்குப் புரதத்தைக் குறைப்பது தசையைத்தான் கரைக்கும். ப்ரூனோவின் ரத்த, சிறுநீர் முடிவுகள் வரட்டும். சிறுநீரகம் பழுது என்று தெரிந்தால் பாஸ்பரஸ் குறைந்த உணவுக்கு மாறலாம். இல்லையென்றால் இப்போது சாப்பிடுவதையே தராசில் எடைபோட்டுக் கொடுங்கள். மேலே சொன்ன அளவு எடை இறங்கும்வரை அவனுக்கு மட்டும்தான், ரோஸியின் தட்டில் கைவைக்க வேண்டாம்.