படத்தில் ஹெட்போனை அழித்த இடத்தில் காதும் தலைமுடியும்: வாசகர் கேள்விகள்

ஃபோட்டோஷாப்பில் இயர்பட்டை Healing Brush-ஆல் அழித்தால் காதுக்குள் கறை பரவுகிறதே?

அந்த பிரஷ் ஓரத்தில் உள்ள நிறத்தை உள்ளே இழுத்துக் கலக்கும். ஒரு பக்கம் இயர்பட்டின் மிச்ச வெள்ளை, மறுபக்கம் காதுத் துளையின் இருட்டு, இரண்டும் சேர்ந்து சாம்பல் கறையாகிவிடுகிறது. புது லேயரில் Clone Stamp எடுங்கள். Sample-இல் Current & Below, Hardness 50% போதும். காதுக் குழிவின் தோலைத் துளையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்குங்கள். துளைக்கு முழுக் கறுப்பு வேண்டாம். அடர்ந்த செம்பழுப்புதான் இயல்பாகத் தெரியும். இயர்பட் தண்டின் நிழல் காது மடலின் அடியில் விழுந்திருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

பெரிய ஹெட்போன், காதே தெரியவில்லை. இன்னொரு காதைத் திருப்பி வைக்கலாமா?

முகம் நேராக இருந்து, வெளிச்சமும் நேர் முன்னிருந்து வந்தால் வைக்கலாம். இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் என்றால், Flip Horizontal கொடுத்ததும் காதின் நிழல்களும் திசை மாறிவிடும். தோல் நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தாலும் காது ஒட்டவைத்தது போலவே இருக்கும். அதே நாளில், அதே கோணத்தில் ஹெட்போன் இல்லாமல் எடுத்த படம் ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

தலை நிமிர்ந்திருந்தால் காதின் மேல்விளிம்பு புருவ மட்டத்திலும், மடலின் முனை மூக்கடி மட்டத்திலும் வரும். முகவாய் தாழ்ந்திருந்தால் காது மேலே ஏறும், உயர்ந்திருந்தால் கீழே இறங்கும். ஹெட்போனின் கப் மறைத்தது காதை மட்டுமல்ல, கிருதாவையும் தாடை மூலையையும் சேர்த்துத்தான். அதனால் காதுக்குப் பின்னால் உள்ள முடி முதலில், அப்புறம் காது, கடைசியாகக் காதின்மேல் விழும் இழைகள் என்று தனித்தனி லேயராகக் கட்டுங்கள்.

நீள முடிக்காரர் என்றால் காதை உருவாக்கவே வேண்டாம். கப் இருந்த இடத்தில் முடியை இறக்கிவிட்டாலே போதும். தவறான காதைவிட அது எவ்வளவோ மேல்.

ஹெட்போனின் தலைப்பட்டையை அழித்த பிறகு உச்சியில் பள்ளம் தெரிகிறது.

பட்டை முடியை அமுக்கியிருக்கும், அதன் இரு பக்கமும் முடி உப்பியிருக்கும். நிறத்தை மட்டும் நிரப்பினால் அந்த வடிவம் அப்படியே நின்றுவிடும். லேயர்களை ஒன்றாக்கிய நகலில் Liquify திறந்து, பட்டையின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு பிரஷால் பள்ளத்தை உள்ளிருந்து மெதுவாக மேலே தள்ளுங்கள்.

அடுத்தது இழைகள். பக்கத்து முடியில் ஒரு துண்டை நகலெடுத்து, Warp-ஆல் முடி ஓடும் திசைக்கு வளைத்து, மாஸ்க்கால் ஓரத்தைக் கரையுங்கள். உச்சியில் ஓடும் பளபளப்புக் கோடு இடையில் அறுந்தால் ஒட்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே அந்தக் கோட்டை முதலில் இணையுங்கள். முடிவில் 2 பிக்சல் பிரஷால், அதே முடியில் எடுத்த இருண்ட, நடுத்தர, வெளிர் நிறங்களில் தனி இழைகள் வரையுங்கள். சில இழைகள் தலையின் வெளிக்கோட்டைத் தாண்டிப் போகட்டும்.

எல்லாம் செய்தும் அந்த இடம் மட்டும் மழமழவென்று இருக்கிறது.

கேமரா நாய்ஸ் அங்கே இல்லை. 100% அளவில் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டபடி Add Noise-ஐக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.