மூன்று நொடிக்குள் ஒரு வரி

அன்புள்ள ஐயா,

என் மைத்துனர் நெடுஞ்சாலையோரம் சாப்பாட்டுக் கடை திறக்கிறார். 20 அடி அகலம், 10 அடி உயரத்தில் பிளெக்ஸ் வைக்கிறோம். வாசகம் என் பொறுப்பு: "பாரம்பரிய மணம் கமழும் மண்பானைச் சமையலைச் சுவைத்து மகிழ எங்கள் உணவகத்திற்கு அன்புடன் வருகை தாருங்கள்." "உணவகம்" என்றே இருக்கட்டுமா, "ஹோட்டல்" என்று மாற்றலாமா?
- ச.

அன்புள்ள ச.,

மைத்துனருக்காக மெனக்கெட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் இது கல்யாணப் பத்திரிகை வாசகம். 90 கி.மீ. வேகத்தில் வருகிறவர் நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறார். பலகையைப் படிக்க அவருக்கு மூன்று நொடி கொடுத்தால் 75 மீட்டர்; அவ்வளவு தூரத்திலிருந்தே எழுத்து தெரிய வேண்டும்.

பலகைக்கு ஏழு சொல்லுக்கு மேல் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். அது ஆங்கிலத்துக்கு ஆனது. நம் "உணவகத்திற்கு" ஒரே சொல்தான், ஆனால் எட்டு எழுத்தை விழுங்குகிறது. தமிழில் எழுத்தைத்தான் எண்ண வேண்டும். உங்கள் வரியில் 55. நாலு வரியாக மடித்தால், இடைவெளி போக, எழுத்தின் உடம்பு ஓரடிதான் தேறும். ஓரங்குல எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது தொழிலில் உள்ள கணக்கு. ஓரடி எழுத்துக்கு 120 அடி, அதாவது சுமார் 37 மீட்டர். ஒன்றரை நொடியில் அதைக் கடந்துவிடுவார். "பாரம்பரிய மணம்" வரை வந்திருப்பார், என்ன கடை என்றே தெரிந்திருக்காது.

இப்போது வேண்டாத சொல்லை அடியுங்கள். "அன்புடன் வருகை தாருங்கள்" வேண்டாம். பலகை வைத்ததே அழைப்புதான். சுவைத்து மகிழாமல் வேறென்ன செய்வார்கள்? அதுவும் போகட்டும். "பாரம்பரிய மணம்" சொல்வதை மண்பானையே சொல்கிறது. "எங்கள் உணவகம்" எதற்கு? ஹோட்டலா உணவகமா என்ற கேள்வியும் அதோடு போயிற்று. மிச்சம்: "மண்பானைச் சமையல்". ஒன்பது எழுத்து. இரண்டு வரியாக மடித்தால் இரண்டடி உயரத்துக்கு வரும், 73 மீட்டரிலிருந்தே தெரியும். உங்கள் மூன்று நொடி கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது.

கீழே இன்னொரு வரி: "2 கி.மீ. இடப்பக்கம்". இதை விட்டுவிடாதீர்கள். பலகையைக் கடைக்கு 100 மீட்டர் முன்னால் நட்டால் நாலு நொடிதான். பின்னால் லாரி வரும்போது யார் பிரேக் பிடிப்பார்? 2 கி.மீ. என்றால் 80 நொடி. வீட்டுக்காரியைக் கேட்டு, ஓரம் கட்ட நேரம் இருக்கும்.

நிறத்தைப் பெயின்டரிடம் விடுங்கள், அடர்நிறத்தில் வெளிர் எழுத்து இருந்தால் போதும். புள்ளியை மட்டும் விடாதீர்கள். எழுத்தின் கோடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு பெரிய புள்ளி வேண்டும். சின்னதாக இருந்தால் தூரத்தில் மறைந்து "ண்" "ண" ஆகிவிடும். அலங்கார எழுத்துருக்களில் பெரும்பாலும் கெடுவது இதுதான்.

கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள்; அங்கே எல்லாப் பலகையும் படிக்க வரும். 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்தில் அச்செடுத்து, இதைப் பார்க்காத ஒருவருக்கு 1.2 மீட்டர் தள்ளி மூன்று நொடி காட்டி மறையுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "என்ன விற்கிறார்கள், எங்கே?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று தடுமாறினாலும் பிளெக்ஸ் கடைக்குப் போகாதீர்கள்.